இரவுக் கோப்பியை நிறுத்திய பின்னும் அம்மா மூன்று தடவை எழும்புகிறார்: எந்தக் கோப்பையை மாற்றுவது?

உவர்மலை மகள்:
வணக்கம். என் தாயாருக்கு 74 வயது. நீரிழிவு இல்லை என்று அண்மைய இரத்தப் பரிசோதனையில் சொல்லியிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் குளிசை எடுக்கிறார். விடிய ஆறேகாலுக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று, கோயிலால் வந்து ஏழு மணிக்கு ஒன்று என நாளுக்கு நான்கு கோப்பை கோப்பி குடிப்பது அவருடைய நெடுநாளைய வழக்கம். இரவில் மூன்று தடவை சலத்துக்கு எழும்புவதால், ஏழு மணிக் கோப்பியை முற்றாக நிறுத்தினோம். ஆனால் இரவு எழும்புவதில் எந்த மாற்றமும் இல்லை. பகலில் வேறொரு தொல்லையும் இருக்கிறது: பத்து மணிக் கோப்பிக்குப் பிறகு திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது, மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால் இருப்பதால் சில வேளைகளில் போய்ச் சேருவதற்குள் உடுப்பு நனைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தபோது மறுநாள் கடுமையான தலையிடி வந்து, அவர் எங்கள் மீது கோபித்துக்கொண்டார். எந்த நேரத்துக் கோப்பையை நகர்த்தினால் பலன் கிடைக்கும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பாலையூற்று ஐயா:
தங்கச்சி, கோப்பி உடம்பிலுள்ள நீரை இழுத்து வெளியே விடும் சாமான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அம்மாவுக்குத் தண்ணீர் உட்பட எதையும் கொடுக்காதீர்கள், கோப்பிக்குப் பதிலாக மல்லித் தண்ணீர் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், நிம்மதியாக நித்திரை கொண்டோம்.

ஓய்வுபெற்ற தாதி:
பாலையூற்று ஐயா சொன்னதில் பாதி சரி. மாலையில் குடிக்கும் மொத்த அளவைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் நாலு மணியிலிருந்து ஒரு சொட்டும் இல்லாமல் வைத்தால், இந்த வெயிலில் வயதானவருக்குச் சிறுநீர் தடித்துப் போகும். அது சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சற்படுத்தும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றுக்கும் வழி திறக்கும். மல்லித் தண்ணீரும் ஒரு கோப்பை திரவம்தான். படுக்கப்போகும் நேரத்தில் குடித்தால் அதுவும் எழுப்பத்தான் செய்யும். கோப்பி நீரை இழுக்கும் என்பதும், பல ஆண்டுகளாகக் குடித்துப் பழகியவரின் உடம்பில் பெரிதாக நடப்பதில்லை. அவர்களிடம் கோப்பி செய்யும் வேலை பெரும்பாலும் வேறு: பை இன்னும் நிறையாத நிலையிலேயே அதைச் சுருங்கத் தூண்டி, அவசரத்தைக் கொண்டுவருவது.

ஆகவே எந்தக் கோப்பையை நகர்த்துவது என்பதற்கு முன், இரவில் எழும்பும்போது எவ்வளவு சிறுநீர் போகிறது என்று தெரிய வேண்டும். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையை மலசலகூடத்திலும், இரவுக்கு ஒரு மூடிய பாத்திரத்தைக் கட்டிலடியிலும் வையுங்கள். மூன்று நாட்களுக்கு, எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் போனது, அவசரம் இருந்ததா, என்ன குடித்தார் என்பதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்திலாவது எழுதுங்கள். அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் முழு 24 மணித்தியாலமாக இருக்க வேண்டும். படுக்கப்போகுமுன் போவது பகல் கணக்கு. விடிய எழும்பியதும் முதலாவதாகப் போவது இரவுக் கணக்கு. ஏனென்றால் அந்தச் சிறுநீர் நித்திரையில் இருக்கும்போது உருவானது. இதை மாற்றி எழுதினால் கணக்கே புரண்டுவிடும்.

கிண்ணியா வாசகர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். நான் கோப்பி குடிப்பதே இல்லை, தேநீர் மட்டும். போனாலும் மெல்லியதாகவே வருகிறது, முடிந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தெரிகிறது. தடிமனுக்கு ஒரு குளிசை போட்ட அன்று கொஞ்சமும் போக முடியாமல் பெரும் அவதிப்பட்டேன். அந்த மூன்று நாள் கணக்கை நானும் வைத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா, உங்களுடையது வேறு சங்கதி. மெல்லிய ஓட்டம், மிச்சம் நிற்பது, தடிமன் குளிசையால் அடைத்துக்கொண்டது ஆகிய மூன்றும் புரோஸ்டேட் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுகின்றன. கணக்கு எழுதுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தடிமனுக்கு இனிக் குளிசை வாங்கும்போது மருந்துக்கடையில் இந்த விபரத்தைச் சொல்லுங்கள். மறுபடியும் முற்றாக அடைத்துக்கொண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேநீரிலும் கஃபீன் இருக்கிறது. சாயம் கூடிய வெறுந்தேநீர் இரண்டு கோப்பை ஏறக்குறைய ஒரு கோப்பிக்குச் சமனாகலாம்.

உவர்மலை மகள்:
கணக்கு வைத்தோம். மூன்று நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்ததால் ஒரு நாளை மட்டும் தருகிறேன். அன்று ஏழு மணிக் கோப்பி கொடுக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படுக்குமுன் 150. பிறகு பதினொன்றரைக்கு 300, இரண்டே காலுக்கு 320, நாலரைக்கு 200, ஆறு மணிக்கு எழும்பியதும் 180. பகலில் எல்லாம் சிறு சிறு அளவுகள். படுக்குமுன் போன 150ஐயும் சேர்த்தால் பகலுக்கு 850 வருகிறது. பத்து மணிக் கோப்பிக்குப் பிறகு பத்தே முக்காலுக்கு 90, பதினொன்றேகாலுக்கு 70, பன்னிரண்டுக்கு 100, மூன்றிலும் தாங்க முடியாத அவசரம். இன்னொன்றையும் கவனித்தேன்: பின்னேரமானால் அம்மாவின் கணுக்கால்கள் வீங்கிச் செருப்பின் வார் பதிந்து போயிருக்கிறது, விடியும்போது வற்றிவிடுகிறது.

சாம்பல்தீவு மருமகன்:
மன்னிக்கவும், நான் இந்தக் கணக்குகளை நம்புவதில்லை. என் மாமனார் இரவு ஒன்பது மணிக்குக் கடுங்கோப்பி குடித்துவிட்டு விடியும்வரை அசையாமல் நித்திரை கொள்ளுகிறார். வயது 70.

ஓய்வுபெற்ற தாதி:
முதலில் உவர்மலைத் தங்கைக்கு. இரவுக்கு 300, 320, 200, 180 சேர்த்து 1000 மில்லிலீற்றர். முழு நாளுக்கு 1850. ஆகவே பாதிக்கும் மேல், நூற்றுக்கு 54, இரவில்தான் போகிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பை பலவீனம் என்பதை விட, சிறுநீரகம் இரவில் அதிகமாகச் சிறுநீர் உண்டாக்குகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 300 தாங்குகிற பை மோசமான பை அல்ல. அதனால்தான் ஏழு மணிக் கோப்பியை நிறுத்தியும் ஒன்றும் மாறவில்லை. இரவுப் பிரச்சினையின் வேர் அந்தக் கோப்பையில் இல்லை, உங்கள் அம்மாவின் கணுக்காலில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பகல் முழுவதும் கதிரையில் காலைத் தொங்கப்போட்டு இருக்கும்போது காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடிய மருந்து. ஆனால் நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். வீக்கத்தைக் கிளினிக்கில் காட்டி, இந்தக் கணக்கையும் கொடுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம் என்பதால் அதைப் பார்க்க வேண்டியது மருத்துவர். படுத்தால் மூச்சு வாங்கினால் கிளினிக் நாள் வரை பொறுக்கக் கூடாது.

அதுவரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலம் படுத்து, கால்களைத் தலையணைகளின் மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைக்கட்டும். அந்த நீர் பின்னேரமே, அவர் நடமாடும்போதே வெளியேறிவிடும். கருவாடும் உப்புமீனும் இரவுச் சாப்பாட்டில் வேண்டாம். உப்பு கூடினால் இரவுச் சிறுநீரும் கூடுகிறது.

பகல் அவசரம் வேறு. 70, 90, 100 என்ற சிறு அளவுகளுக்கு அவ்வளவு முட்டல் என்பது பை தூண்டப்படுவதன் அடையாளம்; அங்கேதான் கோப்பி குற்றவாளி. பத்து மணிக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் முக்கால் கோப்பை, பிறகு அரை, பிறகு கால் என்று தூளைக் குறைத்து, பாலையோ வெந்நீரையோ கூட்டுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடி மறுநாளே வரும், ஒரு வாரம் வரை இருக்கலாம் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். நம் ஊர்க் கோப்பித் தூளில் மல்லியும் சுக்கும் சேர்ந்திருப்பதால் ஒரு கோப்பையில் எவ்வளவு கஃபீன் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்பதையே அளவாக வையுங்கள். விடியற்காலைக் கோப்பையில் இப்போது கை வைக்க வேண்டாம். அவசரம் வரும்போது ஓடவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நின்ற இடத்தில் அசையாமல் நின்றோ உட்கார்ந்தோ, சலத்தை அடக்குவது போல அடித்தசைகளைப் பல தடவை சடுதியாக இறுக்கினால் அந்த அலை தணியும், பிறகு நடக்கலாம். ஓடுகிறவர்தான் விழுகிறார்.

சாம்பல்தீவுத் தம்பி, உங்கள் மாமனார் சுருட்டுக் குடிப்பவரா? புகைப்பவரின் உடம்பு கஃபீனை மிக வேகமாகக் கழித்துவிடும். மற்றவர்களுக்கு அதில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் வேண்டும். அவர் புகையை விட்டால் அதே ஒன்பது மணிக் கோப்பி அவரை எழுப்பத் தொடங்கலாம்.

சாம்பல்தீவு மருமகன்:
ஆம், சுருட்டுத்தான். ஆனாலும் அது மட்டுமே காரணம் என்று ஏற்க எனக்கு மனமில்லை. அவருடைய அண்ணர் புகைப்பவர் அல்ல, அவரும் நன்றாகத்தான் நித்திரை கொள்ளுகிறார்.

ஓய்வுபெற்ற தாதி:
சரிதான், சிலருக்குப் பிறவியிலேயே வேகமாகக் கழியும், சிலருக்கு மெதுவாக. மருந்தும் மாற்றும்: சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோபிளொக்சசின் கஃபீன் கழிவதை மெதுவாக்கும். தொற்றுக்கு அந்த மருந்து எடுக்கும் நாட்களில் வழக்கமான கோப்பியே அவசரத்தைக் கூட்டிவிடுவதும், மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி நினைப்பதும் நான் வார்ட்டில் பல தடவை கண்டது.

உவர்மலை மகள்:
கிளினிக்கில் காட்டினோம். மருத்துவர் முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, சிறுநீரையும் இதயத்தையும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்து, குளிசையை மாற்றியிருக்கிறார். முடிவுகள் இன்னும் வரவில்லை. பத்து மணிக் கோப்பி இப்போது கால் அளவுக்கு வந்துவிட்டது. தலையிடி இல்லை, முற்பகலில் உடுப்பு நனைவதும் மிகவும் குறைந்திருக்கிறது. இரவில் எழும்புவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை; அது குளிசையாலா காலை உயர்த்துவதாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாலு மணிக் கோப்பியை விட அம்மா சம்மதிக்கவில்லை, அந்த நேரத்துக்குத்தான் பக்கத்து வீட்டு மாமி வந்து கதைப்பார். அந்தக் கோப்பைக்கு இரவில் பங்கு இருக்கிறதா?

ஓய்வுபெற்ற தாதி:
இருக்கலாம், ஆனால் சிறுநீரை விட நித்திரையின் வழியாக. நாலு மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி ஒன்பது மணிக்கு இன்னும் உடம்பில் இருக்கும். நித்திரை மெல்லியதாகி, வேறு காரணத்தால் விழித்தவர் விழித்த கையோடு சலத்துக்கும் போவார். இதைப் பிரித்தறிய ஒரு வழி: இரவில் எழும்பும்போது சலம் முட்டியதால் விழித்தாரா, விழித்துவிட்டோமே என்று போனாரா என அம்மாவிடம் கேட்டு, அளவுக்குப் பக்கத்தில் குறியுங்கள். முட்டாமல் போன தடவைகள் பெரும்பாலும் 150க்குக் குறைவாக இருக்கும். அப்படிப் பல இருந்தால், புதிய குளிசை பழகிய பிறகு ஒரு வாரம் மாமியைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லி, பத்து மணிக் கால் கோப்பைக்குப் பதிலாக நாலு மணிக் கோப்பியில் பாதியை அப்போது கொடுத்து, வேறு எதையும் மாற்றாமல் மறுபடி மூன்று நாள் அளந்து பாருங்கள். இரவுத் தடவைகள் எல்லாம் 300ஆகவே இருந்தால் மாமி நாலு மணிக்கே வரட்டும். சிறுநீரில் இரத்தமோ எரிவோ காய்ச்சலோ கண்டால் இந்தக் கணக்கை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும்.

பாலையூற்று ஐயா:
மல்லித் தண்ணீரை ஆறு மணிக்கு முன் அரைக் கோப்பை கொடுக்கலாம்தானே, மிஸ்?

ஓய்வுபெற்ற தாதி:
தாராளமாக, ஐயா. எழுதும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.