‘நீ பாயிண்ட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கீழக்கரை, சோதனைப் பொறியாளர்:
கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது சி.டி.யின் சோதனை அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாச்சுரேஷனுக்குத் ‘தெவிட்டல்’ கிடைத்துவிட்டது, கோர் தெவிட்டத் தொடங்கும் இடமான ‘நீ பாயிண்ட்’டில் நின்றுவிட்டேன். அப்படியே எழுதினால் படிப்பவர் “நானா?” என்கிறார்.

நடந்தது இது. இன்சுலேட்டரில் கடல் உப்பு படிந்து, பனி இறங்கிய விடிகாலையில் 33 கே.வி. ஃபீடரில் பழுது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் பழுதானால் மட்டும் இயங்க வேண்டிய டிஃபரன்ஷியல் ரிலே, வெளியே நடந்த பழுதுக்கு அதையே டிரிப் செய்துவிட்டது. பதிவில் ஆர் பேஸ் அலை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பாதியில் அறுந்திருந்தது.

பிரைமரியைத் திறந்துவிட்டு செகண்டரியில் வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றினோம். ஒய் பேஸில் 240-லிருந்து 264 வோல்ட்டுக்குப் போனபோது மின்னோட்டம் 28-லிருந்து 42 மில்லி ஆம்பியர். வோல்ட்டேஜ் 10 சதவீதம் ஏற, மின்னோட்டம் 50 சதவீதம் ஏறும் இடம்தான் நாம் தேடுவது, ஆக 240. பி பேஸும் அப்படியே. ஆர் பேஸில் அது 60 வோல்ட்டிலேயே வந்துவிட்டது.

பரமக்குடி, இயற்பியல் ஆசிரியர்:
‘முழங்கால் மின்னழுத்தம்’ என்போமே. ஆனால் அது 0.7 வோல்ட் அல்லவா?

கீழக்கரை:
ஐயா, அது சிலிக்கான் டயோடு. இது இரும்புக் கோர்.

தொண்டி, மின் காண்ட்ராக்டர்:
சி.டி.க்குள் சுற்று ஷார்ட் ஆகியிருக்கும். எங்கள் இறால் பண்ணையிலும் அப்படித்தான் ஆனது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள்.

மண்டபம், ஓய்வுபெற்றவர்:
தம்பி, அவசரப்படாதீர்கள். சுற்று ஷார்ட் என்றாலும் நீ பாயிண்ட் இறங்கும், சரிதான். ஆனால் ரேஷியோவும் பிசகியிருக்குமே, பார்த்தீர்களா? 60 வோல்ட் என்பது மீட்டருக்குப் போகும் மெட்டரிங் கோரின் குணம், ரிலேக்குப் போகும் கோரின் குணமல்ல. அந்த சி.டி.யைச் சமீபத்தில் மாற்றினீர்களா? இரண்டு கோருக்கும் ரேஷியோ ஒன்றாக இருந்தால், ஒயர் மாறியிருப்பது சாதாரண லோடில் தெரியவே தெரியாது.

பழுதில் செகண்டரியில் 12 ஆம்பியர், சுருளும் போய்வரும் ஒயரும் சேர்ந்து 8 ஓம் என்று வையுங்கள். 96 வோல்ட். பழுதின் தொடக்கத்தில் அலை ஒரு பக்கம் சாய்ந்து வருவதால் அதை இரட்டித்து 192 கேட்போம். 240 தாங்கும், 60 எங்கே தாங்கும்?

சொல்லுக்கு வருவோம். நம் கண்மாய் நிறைந்தபின் வரும் தண்ணீர் கலுங்கில் வழிந்துவிடுகிறது. இங்கும் அந்த மட்டத்துக்கு மேல் வருவது கோரைக் காந்தமாக்கவே போய்விடுகிறது, ரிலேக்கு வந்து சேர்வதில்லை. ‘கலுங்கு மின்னழுத்தம்’ என்றால் என்ன?

பரமக்குடி:
அழகாக இருக்கிறது, ஆனால் கலுங்கு நறுக்கென்று ஒரு மட்டம். வரைகோடோ மெல்ல அல்லவா வளைகிறது? என் ஓட்டு ‘முழங்கால்’தான்.

மண்டபம்:
அதனால்தான் 10, 50 என்று கணக்கு வைத்துக்கொண்டோம். அப்புறம், சோதனை முடிந்ததும் வோல்ட்டேஜை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கினீர்களா? திடீரென வெட்டினால் கோரில் காந்தம் தங்கிவிடும்.

கீழக்கரை:
இறக்கினோம் ஐயா. ரேஷியோ சரி. போன மாதம் மாற்றிய சி.டி.தான், பெட்டியில் ஒரு கோரின் 1S ஒயர்களும் மற்ற கோரின் 2S ஒயர்களும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டதும் ஆர் பேஸிலும் 238 வந்தது. அறிக்கையில் ‘கலுங்கு மின்னழுத்தம்’ என்றே எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘நீ பாயிண்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.