ஐஸ் குச்சிப் பாலம்: பிராட் 23 கிலோ, ஹோவ் 17 கிலோ. வடிவம்தான் காரணமா?

சிவில்_மாணவி: போட்டிக்கு முன்னாடி பிராட், ஹோவ், வாரன்னு மூணு வகை முக்கோணச் சட்டகப் பாலம் செஞ்சு உடைச்சுப் பார்த்தேன். இடைவெளி 28 செ.மீ., உயரம் 7 செ.மீ., நாலு கட்டம். மேல் வரிசையும் முனைச் சாய்வுகளும் இரட்டைக் குச்சி, மத்தது ஒற்றை. கீழ் நடு ஜாயின்ட்ல வாளி மாட்டி மணல் கொட்டினேன். ஹோவ் 17 கிலோவில் உள்சாய்வு வில்லா வளைஞ்சுடுச்சு. பிராட் 23 கிலோவில் கீழ் நடு ஜாயின்ட் டக்குனு விட்டுச்சு. வாரன் 15லயே பக்கவாட்டில் சாஞ்சு விழுந்துச்சு. பிராட்தான் பலம்னு எழுதிடலாமா?

நெல்லைத்_தச்சன்: எழுதாதீங்க. மரத்துக்குன்னே வந்தது ஹோவ். 1840ல் அமெரிக்காவில் வில்லியம் ஹோவ் காப்புரிமை வாங்கினது, ரயிலே ஓடியிருக்கு. மரம் அமுக்கினா தாங்கும், இழுத்தா ஜாயின்ட் பிடுங்கிக்கும். அதுக்காகத்தான் சாய்வை அமுக்கத்தில் வச்சார். உங்க வேலை சுத்தமில்ல, அவ்வளவுதான்.

ஓய்வு_ஓவர்சியர்: தச்சரே, வரலாறு சரி. ஆனா ஹோவ் சாய்வுக்குப் போட்டது கனமான மரச்சட்டம், செங்குத்துக்கு இரும்புக் கம்பி. இங்கே இருக்கிறது 2 மி.மீ. குச்சி. ஒரு குச்சியைச் சமையலறைத் தராசு மேல நிறுத்தி உள்ளங்கையால அமுக்குங்க. நாலஞ்சு கிலோவிலேயே வளைஞ்சுடும். அதையே இழுத்து அறுக்கணும்னா பத்து மடங்குக்கு மேல வேணும்.

மாணவிக்கு: 17 கிலோ ரெண்டு சட்டகத்துக்கும், ஒவ்வொண்ணிலும் ரெண்டு முனைக்கும் பிரிஞ்சா முனைக்கு 4.25. 45 டிகிரி சாய்வுல அது 1.41 மடங்காகி 6 கிலோ. சாய்வு நீளம் 10 செ.மீ.; அந்த நீளக் குச்சி வளையறதும் ஏறக்குறைய 6, 7 கிலோவில்தான். ஹோவ் உடைய வேண்டிய இடத்துலதான் உடைஞ்சிருக்கு. பிராட்டில் 23 கிலோவுக்கு உள்சாய்வு இழுவை 8 கிலோதான். ஒரு சதுர செ.மீ. ஒழுங்கா ஒட்டின ஃபெவிகால் அதுக்குச் சில மடங்கு தாங்கும். பிரிஞ்ச முகத்துல மர நார் பிய்ஞ்சிருக்கா, பசை பளபளன்னு இருக்கா?

சிவில்_மாணவி: பளபளப்புதான் சார். நார் எதுவும் ஒட்டல.

ஓய்வு_ஓவர்சியர்: அப்போ அந்த 23 ஒட்டலோட எல்லை, பிராட்டோட எல்லை இல்ல. உப்புத்தாள் தேய்ச்சு ஒட்டி, துணி கிளிப் மாட்டி, ஒரு நாள் காயவிட்டுத் திரும்பச் செய்ங்க. வாரன் எண்ணை அட்டவணையில சேர்க்கவே வேண்டாம். ரெண்டு மேல் வரிசைக்கும் நடுவுல குறுக்குச் சாய்வு போட்டீங்களா? போடலன்னா முக்கோணங்களுக்கு வேலை வர்றதுக்கு முன்னாடியே பாலம் குடைசாயும்.

ரெண்டு_பசங்க_அம்மா: எங்க பெரியவன் ஹாட் க்ளூ துப்பாக்கியால ஒட்டினான். ராத்திரி புத்தகம் அடுக்கினப்போ நின்னுச்சு, காலையில நடுவுல தொங்கிடுச்சு. வாரன் போட்டா தொங்காதா?

ஓய்வு_ஓவர்சியர்: எது போட்டாலும் தொங்கும்மா. அந்தப் பசை பாரத்துல நேரம் ஆக ஆக மெல்ல இழுபடும்.

நெல்லைத்_தச்சன்: சரி, ஹோவ் உள்சாய்வுக்கும் ரெட்டைக் குச்சி போடட்டும். மொத்தம் நாலு குச்சிதான் கூடும். 17 ரெண்டு மடங்காகி 34 வந்துடும், பிராட் பின்னாடி நிக்கும்.

ஓய்வு_ஓவர்சியர்: முகத்தோடு முகம் வச்சு ஒட்டினா வளைவுக்கு எட்டு மடங்கு. ஒட்டாம சேர்த்து வச்சாதான் ரெண்டு. ஆனா சாய்வு தப்பிச்சதும் ஆபத்து வேற இடத்துக்குப் போகும். ஹோவில் வாளி பாரம் முழுக்க ரெண்டு நடுச் செங்குத்துலயும் பாதிப் பாதியா, ஒட்டின இடத்தை நம்பித் தொங்குது. 34 கிலோன்னா ஆளுக்கு 17. பிராட்டில் கீழே பாரம் தொங்கினா, கணக்குப்படி அதே குச்சிக்கு வேலையே இல்ல.

சீனியர்_மெக்: எல்லாரும் ஒத்தைப் பாலத்தை வச்சுச் சண்டை போடுறீங்க. வளைவு பலம் தடிமனோட மூணாம் அடுக்குல போகும். 1.8 மி.மீ. குச்சி, 2 மி.மீ. குச்சியைவிட கால் பங்குக்கு மேல பலம் குறைவு. பாக்கெட்டுக்குள்ளயே அந்த வித்தியாசம் இருக்கும். வெர்னியர் வச்சு அளந்து பிரிச்சீங்களா? இல்லன்னா 17, 23 ரெண்டையும் நம்ப முடியாது.

ஓய்வு_ஓவர்சியர்: எண்ணை நம்ப வேண்டாம். உடைஞ்ச இடத்தை நம்பலாம். எந்தக் குச்சி போட்டாலும் ஒற்றைச் சாய்வு ஹோவ் அங்கேதான் வளையும்.

சீனியர்_மெக்: ஜாயின்ட் மோசமா இருந்தா அதுக்கு முன்னாடியே நடுச் செங்குத்து பிடுங்கிக்கும், நீங்களே சொன்னதுதானே. ஜாயின்ட்டுக்கெல்லாம் பென்சில்ல நம்பர் போட்டு, ஸ்லோ மோஷன்ல எடுத்து, முதல்ல விட்டது எதுன்னு பார்க்கணும். கீழே விழுந்த குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சிவில்_மாணவி: வீடியோ ஹோவுக்கு மட்டும்தான் இருக்கு. அதுல சாய்வு வளைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஜாயின்ட் விடுது. அடுத்த சுத்துல குச்சி எண்ணிக்கையைச் சமமா வைக்கவா, எடையைச் சமமா வைக்கவா?

நெல்லைத்_தச்சன்: எடை.

ஓய்வு_ஓவர்சியர்: குச்சி எண்ணிக்கை. எடையில பசையும் சேர்ந்துடும், அதிகம் பூசினவங்களுக்கு அது தண்டனை.

நெல்லைத்_தச்சன்: பூசினது தப்புன்னா தண்டனை வரட்டுமே.