பூனை வாயைத் திறந்து இளைக்கிறது: வெயிலா, வேறு ஏதாவதா?

திருச்சி மீனா:
நாலு வயது ஆண் பெர்சியன், பெயர் குண்டு. போன வாரம் பந்தைத் துரத்திவிட்டு நாய் மாதிரி நாக்கை நீட்டி ஒரு நிமிடம் இளைத்தான், அப்புறம் சரியாகிவிட்டது. இன்று மதியம் விளையாடவே இல்லை, சோபாவில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து மறுபடி அதே மாதிரி. சாப்பாடும் பாதிதான். வெயில்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். உடனே டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டுமா, நாளைக்குப் பார்க்கலாமா?

ஆறு பூனை வீடு:
பதறாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு பெர்சியன், பத்து வருஷ அனுபவம். சப்பை மூக்கு, ஒரு கிலோ ரோமம், மே மாதத் திருச்சி வெயில், இளைக்காமல் என்ன செய்யும்? ஏசியைப் போட்டு, ஈரத்துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துவிடுங்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்தப் பயத்திலேயே இன்னும் இளைக்கும்.

சாக்ஸ் ராஜா:
இது நோயே இல்லை. என் பூனையும் என் சாக்ஸை மோந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நிற்கும். வாசனை பிடிக்கிறது, அவ்வளவுதான்.

வேப்பேரிக்காரன்:
ராஜா, நீங்கள் சொல்வது வேறு. மோந்து பார்த்துவிட்டு மேலுதட்டைச் சுருக்கி, சில நொடி அசையாமல் நிற்கும், நெஞ்சு வேகமாக ஏறி இறங்காது. மீனா சொல்வது நாக்கு வெளியே வந்து மூச்சு வாங்குவது.

மீனா, நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது தனியாக கிளினிக் வைத்திருக்கிறேன், ராத்திரி அவசரக் கேஸ்கள் நிறையப் பார்ப்பவன். உங்கள் கேள்வியில் என்னைப் பயமுறுத்தியது பந்து விளையாடியதல்ல, "விளையாடவே இல்லை" என்ற வார்த்தைதான். நாய் உடம்பைக் குளிர்விக்க இளைக்கும். பூனை அதற்குப் பெரும்பாலும் ரோமத்தை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும், நிழல் தேடிப் படுக்கும். மூக்கு வழியாக வரும் காற்று போதவில்லை என்றால்தான் வாயைத் திறக்கும். குட்டி துள்ளி விளையாடிவிட்டு அரை நிமிடம் இளைப்பதையும், ஆட்டோவில் ஏற்றியதும் பயத்தில் இளைப்பதையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சும்மா படுத்திருந்த வளர்ந்த பூனை இளைத்தால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இப்போது அவன் வாயை மூடியிருந்தாலும் ஒன்று செய்யுங்கள். தொடாமல், கூப்பிடாமல், நாலடி தள்ளி உட்கார்ந்து விலா ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். குர்ர் குர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள்.

ஆறு பூனை வீடு:
டாக்டர்கள் எல்லாரும் இப்படித்தான், உடனே தூக்கி வா என்பார்கள். என் பூனைகள் ஒவ்வொரு கோடையிலும் இளைக்கின்றன, எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன.

வேப்பேரிக்காரன்:
வெயிலே காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. மூடிய அறையில் மாட்டிக்கொண்ட பெர்சியனுக்கு வெப்பத் தாக்கு வரும், நீங்கள் சொன்ன ஈரத்துணியும் மின்விசிறியும் அதற்குச் சரியான முதலுதவிதான் (ஐஸ் மட்டும் வேண்டாம்). ஆனால் அதுவும் அவசரக் கேஸ்தான், "கோடையில் சகஜம்" என்று விடுகிற விஷயமில்லை. இன்னொன்று, வெயில்தான் காரணம் என்றால் குளிர்ந்த அறையில் சில நிமிடத்தில் தணிந்து, தூக்கத்தில் எண்ணிக்கை இறங்கிவிடும். இறங்காவிட்டால் காரணம் உள்ளே இருக்கிறது. உங்கள் ஆறு பூனைகளையும் இன்று ராத்திரி தூங்கும்போது எண்ணிப் பாருங்களேன்.

கோவை சுந்தரி:
மீனா, என் பூனைக்கு இதே கதைதான். இரண்டு வருஷம் முடி உருண்டையைக் கக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தை நீட்டி, தரையோடு தரையாகக் குந்தி, கக் கக் என்பாள், எதுவும் வெளியே வராது. ஒரு நாள் வாயைத் திறந்து இளைத்தாள். பார்த்தால் ஆஸ்துமா. ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி, மறுநாள் ஓடி விளையாடினாள். இப்போது முகமூடி வைத்த இன்ஹேலர்தான். நீங்களும் டாக்டரிடம் ஸ்டீராய்டு ஊசி கேட்டுப் போட்டுவிடுங்கள், நிம்மதி.

திருச்சி மீனா:
அக்கா, ஸ்டீராய்டு ஏற்கெனவே போட்டாயிற்று. ஒன்பது நாள் முன்னால் அரிப்புக்காக, பல வாரம் வேலை செய்யும் ஊசி என்று சொல்லி ஒரு கிளினிக்கில் போட்டார்கள். இருமல் எப்போதும் இருந்ததில்லை.

எண்ணினேன் சார். முதல் தடவை 52, ஏசி போட்டு முக்கால் மணி நேரம் கழித்து 56. தூங்கவில்லை, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கமாக அகட்டிக்கொண்டு கோழி மாதிரி குந்தியிருக்கிறான். பக்கவாட்டில் சாயவே மாட்டேன் என்கிறான். ஏசி 24-இல் இருக்கிறது.

வேப்பேரிக்காரன்:
கிளம்புங்கள், இப்போதே. முட்டியை அகட்டிக் குந்துவது நெஞ்சுக்கு இடம் கொடுப்பதற்காக. படுத்தால் மூச்சு முட்டுகிறது அவனுக்கு.

முதலில் போன் செய்து ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் இல்லை என்றால் இருக்கிற இடத்துக்கு நேராகப் போவதே மேல். மேல்பக்கம் திறக்கும் கூடை இருந்தால் அதில் மெதுவாக இறக்குங்கள், துரத்திப் பிடிக்காதீர்கள், துண்டில் இறுக்கிச் சுற்றாதீர்கள், மடியில் வைத்துக் கொஞ்சவும் வேண்டாம். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றவே கூடாது, நேராக நுரையீரலுக்குப் போகும். ஈறின் நிறத்தை ஒரு பார்வை பாருங்கள், வெளுத்தோ நீலமாகவோ இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். வாயைப் பிடித்துப் பிளந்து பார்க்க வேண்டாம்.

போனதும் சொல்ல வேண்டியவை மூன்று: எண்ணிக்கை, இருமல் இல்லை, ஒன்பது நாள் முன்னால் ஸ்டீராய்டு.

ஆறு பூனை வீடு:
56 என்றால் நானும் போகத்தான் சொல்வேன். ஆனால் அங்கே போனதும் மல்லாக்கப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில்தான் நிறையப் பூனை போகிறது. அந்தப் பயத்தில்தான் நான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன்.

வேப்பேரிக்காரன்:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மூச்சுக்குத் தவிக்கும் பூனையை அழுத்திப் பிடித்து எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. ஆக்சிஜன் முதலில், தேவைப்பட்டால் லேசான மயக்க ஊசி, குந்தியிருக்கிறபடியே நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்து ஒரு பார்வை. எக்ஸ்ரே நிதானமான பிறகு. மீனா, "கொஞ்ச நேரம் ஆக்சிஜனில் வையுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

திருச்சி மீனா:
(மறுநாள்) பிழைத்துவிட்டான். ராத்திரி பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோவில் மறுபடி இளைக்க ஆரம்பித்தான், கூடை மேல் துணி போட்டதும் கொஞ்சம் அடங்கினான். கண்ணாடிப் பெட்டியில் ஆக்சிஜன் வைத்து, ஸ்கேன் பார்த்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி நீர் இறக்கும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பெட்டியிலேயே குளம் மாதிரி மூத்திரம், அதைப் பார்த்து டாக்டர் சிரித்தார். விடியற்காலையில் 38. இன்று எக்கோ எடுத்ததில் இதயச் சுவர் 7.1 மில்லிமீட்டர், 6-க்குள் இருக்க வேண்டுமாம், இடது மேலறையும் வீங்கியிருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் எந்தச் சத்தமும் கேட்கவில்லையாம், அது எப்படி?

வேப்பேரிக்காரன்:
கேட்காது, பல பூனைகளுக்கு அப்படித்தான். சுவர் தடித்துக்கொண்டே போகும், சத்தமும் இருக்காது, பூனையும் காட்டிக்கொள்ளாது, கொஞ்சம் அதிகம் தூங்கும், நாம் சோம்பேறி என்போம். இதயக் கோளாறு உள்ள நாய் இருமும், பூனை பெரும்பாலும் இருமாது. அதனால்தான் இருமல் இல்லை என்பதைப் போனதும் சொல்லச் சொன்னேன். சுந்தரியின் பூனை வருஷக்கணக்கில் இருமியது, காற்றுக்குழாய் சுருங்கிய நோய், அதற்கு ஸ்டீராய்டுதான் மருந்து. குண்டுவுக்கு நேற்று இன்னொரு ஸ்டீராய்டு போட்டிருந்தால் இன்று இந்தப் பதிவு வந்திருக்காது.

கோவை சுந்தரி:
மன்னித்துக்கொள் மீனா. எனக்குப் பலித்ததைச் சொன்னேன்.

திருச்சி மீனா:
அப்படியானால் அந்த அரிப்பு ஊசிதான் என் பூனையின் இதயத்தைக் கெடுத்ததா? நேரில் போய்ச் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

வேப்பேரிக்காரன்:
கெடுத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த வகை ஊசிக்குப் பிறகு சில நாளில், சில வாரத்தில் பூனைகளுக்கு நுரையீரலில் நீர் கோத்ததைக் கால்நடை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. ஊசியால் இரத்தச் சர்க்கரை ஏறும், அது திசுக்களில் இருக்கும் நீரை இரத்தக்குழாய்க்குள் இழுக்கும், ஏற்கெனவே தடித்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காது என்பது ஒரு விளக்கம். மறைந்திருந்த நோயை ஊசி வெளியே கொண்டுவந்திருக்கலாம், ஊசி இல்லாமலும் வந்திருக்கலாம். அரிப்புக்கு வந்த எல்லாப் பூனைக்கும் யாரும் எக்கோ எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

ஆறு பூனை வீடு:
இது டாக்டருக்கு டாக்டர் விட்டுக்கொடுக்காத பேச்சு. ஒரு தடவை போட்டால் பல வாரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாத ஊசியை, மாத்திரை இருக்கும்போது ஏன் போட வேண்டும்?

வேப்பேரிக்காரன்:
பூனைக்குத் தினமும் மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், ஏன் ஊசி போடுகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது, நான் இப்போது முடிந்தவரை மாத்திரைதான் எழுதுகிறேன்.

மீனா, இதில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. இப்படி ஊசிக்குப் பின்னால் விழுந்த பூனைகளில் சில, சில மாதத்தில் தேறி, மருந்தே வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருக்கின்றன. மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுங்கள். அதுவரை தினமும் தூங்கும்போது எண்ணி நோட்டில் எழுதுங்கள். 30-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் போன். திடீரென்று கத்திக்கொண்டு பின்னங்காலை இழுத்தால், கால் சில்லென்றிருந்தால், அது இரத்தக்கட்டி, எண்ணிக்கொண்டிருக்காமல் ஓடுங்கள்.

திருச்சி மீனா:
அதற்குத்தான் போல, கட்டி வராமல் இருக்க குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு எழுதியிருக்கிறார்கள். வாயில் வைத்ததும் நுரை நுரையாகத் தள்ளி, என் முகத்தையே வெறித்துப் பார்க்கிறான்.

கோவை சுந்தரி:
மருந்துக்கடையில் காலி கேப்ஸ்யூல் கிடைக்கும், சின்ன அளவு கேள். மாத்திரையை அதற்குள் போட்டு மூடி, வெளியே கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கொடு, கசப்பு நாக்கில் படாது. பின்னாலேயே சிரிஞ்சில் ஒரு மில்லி தண்ணீர், ஆனால் மூச்சு நிதானமாக இருக்கும்போது மட்டும்.

ஆறு பூனை வீடு:
சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ராத்திரி ஆறையும் எண்ணினேன். ஐந்து பேர் 20-க்கும் 26-க்கும் இடையில். பெரியவன் சிம்பா 44, இரண்டு தடவை எண்ணியும் 44. ஒவ்வொரு கோடையிலும் அதிகம் இளைப்பவன் அவன்தான். சாப்பிடுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். எக்கோ எங்கே எடுப்பது?