நட்ஜ், டிஃபால்ட்: தமிழில் எப்படி எழுதலாம்?

மலர்விழி:
வணக்கம். பிரிட்டனின் ஓய்வூதியச் சேர்ப்பு பற்றி எழுதுகிறேன். 2012 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போதைய விதிப்படி 22 வயது நிறைந்து, அரசு ஓய்வூதிய வயதை எட்டாமல், ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவரை முதலாளியே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்று ஒரு மாதத்துக்குள் சொன்னால் சம்பளத்தில் பிடித்த பணம் திரும்பி வரும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாக நடப்பதுதான் 'டிஃபால்ட்'. கட்டாயப்படுத்தாமல் ஒரு பக்கம் மெல்லத் திருப்புவது 'நட்ஜ்'. இங்கே 'டிஃபால்ட்'டுக்கு 'இயல்புநிலை', 'நட்ஜ்'க்குத் 'தூண்டல்' சரிவருமா?

கதிரேசன்:
தூண்டல் வேண்டாம், ஊக்கத்தொகை கொடுப்பதையும் தூண்டல் என்றுதான் சொல்கிறோம். அதுசரி, நம் ஊர் பி.எஃப். இதே கதைதானே? யாரையும் கேட்காமலேயே பிடிக்கிறார்கள். 'கட்டாயச் சேமிப்பு' என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.

சுந்தரம்:
பி.எஃப். வேறு, கதிரேசன். சட்டம் சொல்லும் சம்பள வரம்புக்குள் இருப்பவர் வேண்டாம் என்று விலக முடியாது. மலர்விழி கேட்பது விலகும் வழி திறந்திருக்கும் ஏற்பாட்டை.

'இயல்புநிலை' எனக்கு உறுத்துகிறது. பொருளியல் ஆய்வாளர்கள் மாட்ரியன், ஷே இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஓர் அமெரிக்க நிறுவனத்தில் முன்பு படிவம் நிரப்பினால்தான் ஓய்வுக்காலச் சேமிப்பில் சேரலாம். பிறகு, மறுக்காதவர் எல்லாரும் சேர்ந்தவர் என்று மாற்றினார்கள். புதிய ஊழியர்களில் சேர்ந்தவர் பங்கு 49 சதவீதத்திலிருந்து 86 ஆனது. ஆனால் நிறுவனம் வைத்த பிடித்தம் சம்பளத்தில் 3 சதவீதம், பணம் போனதோ வருமானம் குறைந்த நிதிக்கு. பலர் இரண்டையும் மாற்றவே இல்லை. முன்பு தாமாகச் சேர்ந்தவர்களில் பலர் அதைவிடக் கூடுதலாகப் போட்டு வந்தார்கள். சும்மா இருந்துவிடும் சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, நிறுவனம் வைத்த எண்ணையே அறிவுரையாக எடுத்துக்கொள்வது. 'இயல்பு' என்று பெயர் வைத்தால் நாமும் அந்த மயக்கத்துக்குத் துணைபோகிறோம். 'முன்தெரிவு' என்றால் யாரோ தெரிந்து வைத்தது என்பது புலப்படும்.

கதிரேசன்:
ஊழியரே முன்னால் தெரிந்தெடுத்தார் என்றுதான் நான் படிப்பேன். கணினித் தமிழில் 'முன்னிருப்பு' புழங்குகிறதே, அதையே எடுத்துக்கொள்வோம்.

மலர்விழி:
சேமிப்புக் கட்டுரையில் 'முன்னிருப்பு 3%' என்றால் கணக்கில் ஏற்கெனவே இருந்த பணம் என்று ஆகிவிடும். 'முன்னமைவு' போடுகிறேன். ஒருவர் அமைத்தார் என்பதும் அதில் இருக்கிறது. நட்ஜுக்கு 'மெல்லுந்தல்'?

சுந்தரம்:
முன்னமைவு பிடித்திருக்கிறது. மெல்லுந்தல் வாய்க்குள் கொஞ்சம் புரளுகிறது, ஆனாலும் ஏற்கலாம். பிரிட்டன் ஏற்பாடு முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டலாமா என்பதில்தான் தயக்கம். 2008இல் பொருளியலாளர் தேலரும் சட்டப் பேராசிரியர் சன்ஸ்டைனும் நட்ஜ் என்ற கருத்தை முன்வைத்தபோது, வழி எதையும் அடைக்கக் கூடாது, பணக் கணக்கையும் பெரிதாக மாற்றக் கூடாது என்றார்கள். பிரிட்டனில் முதலாளியும் குறைந்தது 3 சதவீதம் போட்டாக வேண்டும். விலகுகிறவர் அதையும் இழக்கிறார்.

கதிரேசன்:
அப்படியானால் பாதி உந்தல், பாதி ஊக்கத்தொகை. 'தூண்டல்' மறுபடி உள்ளே வருகிறதே!

மலர்விழி:
சேர்ப்பு முறைக்கு மட்டும் 'மெல்லுந்தல்' போடுகிறேன். முதலாளி பங்குக்கு வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.