பீனாலுக்குச் சம மோல் புரோமின்தான் சேர்த்தேன், டிரைபுரோமோபீனால் வருகிறதே?

நிலா: 4-புரோமோபீனால் வேண்டும் என்று 0.94 கிராம் பீனாலை நீரில் கரைத்து, 1.6 கிராம் புரோமின் கலந்த புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டுமே 0.01 மோல். முதல் சொட்டிலேயே வெள்ளை வீழ்படிவு. உலர்த்தினால் 1 கிராம்தான் தேறியது, 93 டிகிரியில் உருகுகிறது. 4-புரோமோபீனால் 65 டிகிரிக்குப் பக்கத்தில் உருக வேண்டுமே! எங்கே தவறு?

குமரன்: OH தன் எலக்ட்ரானை வளையத்துக்குக் கொடுப்பதால் பென்சீனுக்கு வேண்டிய இரும்பு வினையூக்கி இதற்குத் தேவையில்லை. பனிக்கட்டியில் குளிரவைத்து மெதுவாக விடுங்கள், ஒன்றோடு நிற்கும்.

நிலா: அதையும் பார்த்துவிட்டேன். அதே வெள்ளைதான்.

செல்வி: எனக்கும் இப்படித்தான். நைட்ரோபீனால் வேண்டும் என்று பீனாலில் அடர் நைட்ரிக் அமிலம் ஊற்றினேன், பழுப்புத் தார்தான் மிஞ்சியது. சல்பியூரிக் அமிலம் விட்டுப்போனதாலா?

ரகு: குமரன் சொன்னது பாதி சரி. மீதி பாதி கரைப்பானில் இருக்கிறது. பீனாலின் pKa 10, எத்தனாலுக்கு 16. எத்தனால் புரோட்டானை இழந்தால் மின்சுமை ஆக்சிஜனிலேயே தங்கிவிடும். பீனாக்சைடில் அது வளையத்தின் ஆர்த்தோ, பாரா இடங்களுக்கும் பரவும். அதனால்தான் பீனால் அமிலத்தன்மை கூடியது. சுமை போய்ச் சேரும் அதே இடங்களைத்தான் புரோமினும் தாக்குகிறது.

நடுநிலை நீரில் ஆயிரத்தில் ஒன்றுதான் பீனாக்சைடு. ஆனால் அது பீனாலைவிடப் பல மடங்கு வேகமாக வினைபுரியும். ஒரு புரோமின் ஏறியதும் வளையம் சற்று மந்தமாகும், கூடவே அமிலத்தன்மை ஏறும். 2,4-டைபுரோமோபீனாலுக்கு pKa ஏறத்தாழ 7.8. அயனியாகும் பங்கு கூடுவதால் மந்தம் ஈடாகிவிடுகிறது. ஒரு முறை புரோமின் ஏறிய மூலக்கூறே அடுத்த புரோமினையும் பிடித்துக்கொள்கிறது.

நிலா, உங்கள் எடையே இதைச் சொல்கிறது. 0.01 மோல் புரோமினில் டிரைபுரோமோபீனால் 0.0033 மோல்தான் வரும், அதாவது 1.1 கிராம். உருகுநிலையும் அதன் 95 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மிச்சப் பீனால் சுமார் 0.63 கிராம் வடிநீரில் கிடக்கும். நீரை விட்டுவிட்டு கார்பன் டைசல்பைடில், 0 டிகிரிக்கு அருகே செய்யுங்கள். அங்கே பீனாக்சைடு உருவாகாது. பெரும்பகுதி பாரா, கொஞ்சம் ஆர்த்தோ. கார்பன் டைசல்பைடு எளிதில் தீப்பற்றும், நச்சும்கூட. புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள்.

செல்வி, உங்களுடையது வேறு கோளாறு. அடர் அமிலம் பீனாலை ஆக்சிஜனேற்றிவிடும், தார் அதனால்தான். பென்சீனுக்குத்தான் அடர் அமிலக் கலவையும் 50-60 டிகிரி சூடும் வேண்டும். பீனாலுக்கு 20 சதவீத நைட்ரிக் அமிலம், அறை வெப்பம் போதும். நீராவியில் வடித்தால் மஞ்சள் நிற ஆர்த்தோ ஏறி வரும், பாரா குடுவையில் தங்கும். அப்போதும் கொஞ்சம் தார் வரும்.

குமரன்: ஒரு சந்தேகம் சார். வினையில் HBr உண்டாகி நீர் அமிலமாகிவிடுமே? பிறகு பீனாக்சைடு எங்கிருந்து வரும்?

ரகு: நல்ல கேள்வி. அளவு வெகுவாகக் குறையும், ஆனால் அமிலத்தன்மை கூடிய மூலக்கூறுக்கு அதில் எப்போதும் பெரிய பங்கு. பிந்திய கட்டத்தில் அயனியாகாத பீனால் எவ்வளவு வினைபுரிகிறது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

நிலா: வடிநீரில் பெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டேன், ஊதா நிறம் வந்தது. பீனால் மிச்சம் இருக்கிறது! அடுத்த வாரம் கார்பன் டைசல்பைடில் செய்து உருகுநிலையோடு வருகிறேன்.