புதுப்பிப்பு: 'வேலை நாள்', 'அலுவல் நாள்' குழப்பம் தீர்ந்தது

கேட்டது: "மதுரைக் கடை வாடகை ஒப்பந்தம். வரையறையில் 'வேலை நாள்', உள்ளே 'அலுவல் நாள்' என்றும் வருகிறது. நோட்டீஸ் கெடுவை எப்படி எண்ணுவது?"

எல்லோருக்கும் நன்றி. பலித்தது வக்கீல் சார் சொன்ன வழிதான்: வரையறைப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஆவணத்தில் தேடி, அது வரும் பிரிவு எண்ணைப் பக்கத்தில் எழுதுவது. எண் விழாத சொற்களை நீக்கினோம். 'அலுவல் நாள்' எல்லாம் 'வேலை நாள்' ஆனது. தேடும்போது முழுச் சொல்லைப் போட்டால் 'வேலை நாட்களுக்குள்' சிக்காது. 'வேலை நா' என்று போடுங்கள். 'வேலைநா' என்று சேர்த்தும் ஒருமுறை.

எதிர்பாராதது, ஓட்டை வரையறைக்குள்ளேயே இருந்தது. "வங்கி விடுமுறை அல்லாத நாள்" என்றிருந்தது. உரிமையாளர் பெங்களூரில், எந்த ஊர் விடுமுறை? இரண்டாம், நான்காம் சனி வங்கி மூடல், மற்ற சனி கணக்கில் வரும். இப்போது இப்படி: "வேலை நாள் என்பது சனி, ஞாயிறு நீங்கலாக, மதுரையில் வங்கிகள் திறந்திருக்கும் நாள்."

எல்லாச் சொல்லையும் வரையறுக்கச் சொன்ன தம்பி பாதி சரி. ஒரே பிரிவில் மட்டும் வரும் சொல்லுக்கு அங்கேயே விளக்கம் போதும். வயல் குத்தகை பற்றிக் கேட்ட அக்கா, அதற்குத் தனிச் சட்டம் உண்டு, தனியாகக் கேளுங்கள்.

'பராமரிப்புச் செலவு' வரையறை மட்டும் இழுபறி. அதிலுள்ள செலவுப் பட்டியலுக்கு உரிமையாளருக்கு 'உள்ளிட்டவை' வேண்டும்; வாடகைதாரர் 'இவை மட்டுமே' என்கிறார்.