அப்பாவின் இறுதிக் கிரியை வீடியோ மின்னஞ்சலில் போகவில்லை, அவசரம்

கண்டாவளை (ஸ்காபரோ)
அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து கிழமைகள்தான் ஆகின்றன. வந்த மூன்றாவது கிழமை ஊரில் அப்பா தவறிவிட்டார், என்னால் திரும்பிப் போக முடியவில்லை. இறுதிக் கிரியையை எடுத்த வீடியோவைப் பாரிஸில் இருக்கும் மாமிக்கும், ஒஸ்லோவில் இருக்கும் மாமாவுக்கும், இலண்டனில் இருக்கும் சித்திக்கும் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் இணைத்தால் போகாமல் நின்றுவிடுகிறது. வீடியோ முகநூலில் போய்விடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்கிறார். 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு முன் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். தயவுசெய்து யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

முறிகண்டி (பாரிஸ்)
தம்பி, ஆழ்ந்த அனுதாபங்கள். நான் இங்கு வந்த காலத்தில் ஒரு பிள்ளையாரடி மண்ணைக்கூட ஊரிலிருந்து எடுப்பிக்க முடியாது. 2002 இல் ஏ9 பாதை திறக்கும்வரை வன்னியிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வதே பெரிய காரியம். என் தாயாரின் செத்தவீட்டுப் படங்கள் ஏழு மாதம் கழித்து, யாரோ ஒருவரின் பயணப்பையில், ஓரம் மடங்கி வந்தன. முதல் குளிர்காலம் முழுவதும் அந்த ஆறு படங்களை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே அவசரப்படாதீர்கள், ஊரிலிருந்து வரும் ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் (இலண்டன்)
அண்ணா சொல்வது அந்தக் காலம். இப்போது கூகிள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தால் போதும். இணைப்புக்குக் கடவுச்சொல்லும் காலக்கெடுவும் வைத்துவிடுங்கள், ஒரு கிழமையில் தானாகவே மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்று அனுப்புங்கள், தரம் குறையாது.

விசுவமடு அக்கா (ஒஸ்லோ)
வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்ப வேண்டாம் தம்பி. ஒருவர் விரலால் தொட்டால் அது இன்னொரு குழுவுக்குப் போய்விடும். என் மகளின் சாமத்தியச் சடங்கு வீடியோ அப்படித்தான் போனது. நான் பார்க்கும் முன்னரே கனடாவில் முகம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சேலையின் நிறம் பற்றி எனக்குத் தொலைபேசியில் அபிப்பிராயம் சொன்னார்.

முறிகண்டி (பாரிஸ்)
செத்தவீட்டையும் நேரலையாகப் போடுகிறார்கள். பாடை தூக்குகிற நேரத்தில் மூன்று பேர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தோள் கொடுக்க ஆள் இல்லை, படம் எடுக்க மட்டும் ஆள் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் (இலண்டன்)
அதில் நம்முடைய பங்கும் உண்டு அண்ணா. நேரலை போடச் சொல்லிக் கேட்பவர்கள் இங்கே இருக்கும் நாங்கள்தானே.

பரந்தன் சந்தி (சூரிச்)
விடயத்துக்குத் திரும்புவோம், அந்தியேட்டிக்கு நாள் அதிகம் இல்லை. நான் முன்பு ஊரில் ஒரு ஸ்டூடியோவில் வீடியோ தொகுத்தவன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தம்பி ஒட்டுசுட்டான் சொன்னதில் ஒரு திருத்தம். கட்டணம் செலுத்தாத சாதாரண கூகிள் கணக்கில் இணைப்புக்குக் கடவுச்சொல் வைக்க வழியில்லை, ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று கொடுத்தால் அதற்குக் காலக்கெடு வைக்கவும் வழியில்லை. அந்த இணைப்பை யார் யாருக்கு அனுப்பினாலும் திறக்கும். குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிடலாம், ஆனால் மாமியும் மாமாவும் தங்கள் கணக்குக்குள் நுழையத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

தம்பி கண்டாவளை, நீங்கள் சொல்லாமல் விட்ட மூன்று விடயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். வீடியோ இப்போது யார் கையில் இருக்கிறது, உங்களிடமா ஊரிலா? அது எத்தனை ஜிகாபைட்? அங்கே எந்த இணைய வசதியால் ஏற்றுகிறார்கள்?

கண்டாவளை (ஸ்காபரோ)
மன்னியுங்கள் அண்ணா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். வீடியோ ஊரில் தம்பியிடம் பென் டிரைவில் இருக்கிறது. இரண்டு மணிநேர வீடியோ, இரண்டு கோப்புகள், ஒன்று 3.9 ஜிகாபைட், மற்றது 3.3. பக்கத்து வீட்டு ஆசிரியரின் மடிகணினியை இரவல் வாங்கியிருக்கிறான். கைத்தொலைபேசி டேட்டாவில்தான் ஏற்றுகிறான். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான், கிணற்றடியில் நின்றால் மூன்று கோடு. நேற்று மூன்று மணிநேரம் ஏற்றி, அறுந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

பரந்தன் சந்தி (சூரிச்)
இப்போது விளங்குகிறது. மொத்தம் 7.2 ஜிகாபைட்டும் இரண்டு மணிநேரமும் என்றால், ஒரு விநாடிப் படத்துக்கு ஒரு மெகாபைட் வருகிறது. ஜீமெயிலின் இணைப்பு எல்லை 25 மெகாபைட். கோப்பு மின்னஞ்சலுக்குள் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவதால், உண்மையில் 18 மெகாபைட் அளவோடு அது முட்டிவிடும். அதாவது உங்கள் இரண்டு மணிநேரத்தில் பதினெட்டு விநாடிதான் மின்னஞ்சலில் போகும். அந்த வழியை இன்றோடு மறந்துவிடுங்கள்.

முதலில் தம்பியைக் கிணற்றடியில் வைத்து 100 மெகாபைட் அளவுள்ள ஏதாவது ஒரு கோப்பை ஏற்றச் சொல்லி, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம், அவை பதிவேற்ற வேகத்தைச் சொல்வதில்லை.

கண்டாவளை (ஸ்காபரோ)
ஏற்றிப் பார்த்தான். 6 நிமிடம் 40 விநாடி.

பரந்தன் சந்தி (சூரிச்)
அப்படியானால் 7.2 ஜிகாபைட்டுக்கு அதைப் போல 72 மடங்கு, எட்டு மணிநேரம். இடையில் ஒருமுறை அறுந்தால், உலாவி வழியாக ஏற்றும்போது பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அதனால் ஊரிலிருந்து நேரே எல்லோருக்கும் இணைப்பு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து உங்களுக்கு ஒரே ஒரு முறை வந்து சேரட்டும். கடவுச்சொல்லும் காலக்கெடுவும் உள்ள இணைப்பை நீங்கள் ஸ்காபரோவில் இருந்து உருவாக்குங்கள், அங்கே வீட்டு இணையம் வேகமானது. இணைப்புக் காலாவதியானாலும் புதியதை நீங்களே போடலாம், தம்பி மறுபடி கிணற்றடியில் நிற்க வேண்டியதில்லை.

மடிகணினியில் HandBrake என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இரண்டு கோப்புகளையும் 720 அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். மொத்தம் ஏறக்குறைய 1.8 ஜிகாபைட் வரும்படி பார்த்துக்கொண்டால் பதிவேற்றம் இரண்டு மணிநேரத்தில் முடியும். பழைய மடிகணினி என்றால் மாற்றுவதற்கே சில மணிநேரம் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம். பிறகு அந்தக் கோப்புகளைத் தம்பியின் கைத்தொலைபேசியில் போட்டு, டிரைவ் செயலி வழியாக ஏற்றி, உங்கள் முகவரிக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். செயலி அறுந்த இடத்திலிருந்து தொடரும். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் செய்தால் செலவும் குறையும்.

விசுவமடு அக்கா (ஒஸ்லோ)
இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தகப்பனின் கடைசி முகம் அது, அதைச் சுருக்கலாமா? பெரிய தொலைக்காட்சியில் போட்டால் முகம் மங்கிவிடும். எட்டு மணிநேரமானாலும் முழுசாக ஏற்றட்டும்.

பரந்தன் சந்தி (சூரிச்)
அக்கா, மூலக்கோப்பு அழியாது. அது பென் டிரைவில் இருக்கட்டும், அதன் பிரதி ஒன்று மடிகணினியிலும் இருக்கட்டும். அதைத்தான் முறிகண்டி அண்ணா சொன்னபடி ஆள் வரும்போது கொடுத்துவிட வேண்டும். இப்போது போவது பார்ப்பதற்கான பிரதி. பெரிய திரையில் வேறுபாடு கொஞ்சம் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஒட்டுசுட்டான் (இலண்டன்)
சுருக்குவதற்கு ஏன் அந்த மென்பொருள்? ஸிப் செய்து கடவுச்சொல் வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியுமே.

பரந்தன் சந்தி (சூரிச்)
வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள், ஸிப் அதை மேலும் குறைக்காது. பூட்டு என்ற வகையில் நல்ல யோசனைதான், ஆனால் கைத்தொலைபேசியில் பார்க்கும் மாமிக்கு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கோப்பு உங்கள் கைக்கு வந்ததும் swisstransfer.com இல் ஏற்றுங்கள் தம்பி. கணக்குத் திறக்கத் தேவையில்லை, பணமும் இல்லை, 50 ஜிகாபைட் வரை எடுக்கும். மேலதிக விருப்பங்களில் கடவுச்சொல், எத்தனை நாளில் மூட வேண்டும், எத்தனை தடவை பதிவிறக்கலாம் என்ற மூன்றையும் வைக்கலாம். நாள் 1, 7, 15, 30 என்று இருக்கும். ஏழு வையுங்கள், தேவைப்பட்டால் மறுபடி போடலாம். பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், பாதியில் அறுந்த முயற்சியும் அதில் சேரக்கூடும்.

கடவுச்சொல்லை இணைப்பு அனுப்பிய அதே செய்தியில் எழுதாதீர்கள். செய்தியை யாராவது முன்னனுப்பினால் பூட்டோடு சாவியும் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோ அப்பாவின் பிறந்த ஆண்டோ வேண்டாம், அவை உறவினர் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஓர் எல்லையையும் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். காலக்கெடு மூடுவது இணைப்பைத்தான். அதற்குள் பதிவிறக்கியவர் கையில் இருக்கும் பிரதியை எதுவும் மூடாது.

கண்டாவளை (ஸ்காபரோ)
அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செத்தவீட்டுக்கு வந்த சிலர் தங்கள் முகம் வெளியே போவதை விரும்ப மாட்டார்கள் என்றும், பந்தலில் ஆட்கள் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டுக் கிரியைகளை மட்டும் அனுப்பலாம் என்றும் சொன்னார். தம்பி வெட்டியதில் வீடியோ ஒரு மணி இருபது நிமிடமாகக் குறைந்தது. நள்ளிரவில் ஏற்றத் தொடங்கி, இரண்டு தடவை அறுந்தும் தொடர்ந்து, விடியும் முன் முடிந்துவிட்டது.

விசுவமடு அக்கா (ஒஸ்லோ)
அம்மா சொன்னதுதான் சரி. மாமா பார்த்தாரா?

கண்டாவளை (ஸ்காபரோ)
மாமா பார்த்துவிட்டார். பாரிஸ் மாமிக்கு மட்டும் கடவுச்சொல் பிழை என்றே வந்துகொண்டிருந்தது. அரை மணிநேரம் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொன்ன பிறகுதான், அவருடைய கைத்தொலைபேசி முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றுகிறது என்பது விளங்கியது. அடுத்த தடவை வெறும் இலக்கங்களாக வைக்கப்போகிறேன்.

பரந்தன் சந்தி (சூரிச்)
இலக்கம் மட்டும் என்றால் பத்துக்குக் குறையாமல் வையுங்கள், தொலைபேசி எண்ணை வைத்துவிட வேண்டாம். மாமி மெசஞ்சருக்குள்ளேயே இணைப்பைத் திறந்தால் பதிவிறக்கம் தொடங்காமல் நிற்கலாம், இணைப்பை நகலெடுத்து உலாவியில் ஒட்டச் சொல்லுங்கள். எல்லோரும் பார்த்த பிறகு டிரைவில் உள்ள கோப்பைத் தம்பி அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது அங்கே இன்னும் 30 நாள் கிடக்கும்.

முறிகண்டி (பாரிஸ்)
தம்பி, உங்கள் மாமி எந்தப் பக்கம் இருக்கிறார்? லா சப்பெல் பக்கம் என்றால் நான் நேரே போய்க் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த நாளில் எனக்கு அப்படிச் செய்ய ஒருவரும் இருக்கவில்லை.

கண்டாவளை (ஸ்காபரோ)
மிக்க நன்றி அண்ணா, தனிச்செய்தியில் எழுதுகிறேன். சித்தி இணைப்பைத் திறக்கவேயில்லை, ஞாயிற்றுக்கிழமையோடு அது மூடிவிட்டது. இன்று வேலை முடிந்து வந்ததும் புதிய கடவுச்சொல்லோடு அவருக்கு மட்டும் மறுபடி ஏற்றப் போகிறேன்.